40 அடித் திரைக்கு ஒரு ஸ்லைடு

விழா தொடங்க அரை மணி நேரம் இருக்கிறது. மேடையின் பின்பக்கம் முழுக்க எல்இடி திரை. லேப்டாப்பை இணைத்ததும் கல்லூரியின் முத்திரை திரையில் வருகிறது. வட்டமாக இருக்க வேண்டிய முத்திரை, படுக்க வைத்த முட்டைபோல நீண்டு கிடக்கிறது. அடுத்த ஸ்லைடில் நிறுவனரின் முகம். அதுவும் பக்கவாட்டில் இரண்டேகால் மடங்கு அகன்றிருக்கிறது. பதறிப்போய் ஆபரேட்டரைப் பார்த்தால், அவர் ஒரு பட்டனை அழுத்துகிறார். முகம் சரியாகிவிடுகிறது, ஆனால் படம் நடுவில் ஒடுங்கிக்கொள்ள, இரண்டு பக்கமும் கறுப்பாகக் கிடக்கிறது. இன்னொரு பட்டனை அழுத்துகிறார். திரை நிறைகிறது, இப்போது தலைப்பு மேலே வெட்டுப்பட்டு, கீழ்வரிகள் காணாமல் போய்விட்டன.

“சார், இவ்வளவுதான் நம்மால் செய்ய முடியும். ஸ்லைடையே அந்த சைஸில் பண்ணியிருக்கணும்” என்கிறார் ஆபரேட்டர். அவர் சொல்வது முழு உண்மை. ஒரு படத்தின் நீள அகல விகிதம் திரையின் விகிதத்தோடு பொருந்தாவிட்டால் இழுக்கலாம், ஒடுக்கலாம், வெட்டலாம். நான்காவது வழி கிடையாது. இரண்டு வாரம் முன்பு யாரோ புதிய கோப்பைத் திறந்து முதல் ஸ்லைடில் தலைப்பைத் தட்டிய நிமிடத்திலேயே இந்தத் தவறு நடந்துவிட்டது.

இதைத் தவிர்க்க மூன்று அளவுகள் ஒத்துப்போக வேண்டும். சுவரில் எத்தனை பிக்சல் இருக்கிறது, ஸ்லைடு என்ன வடிவத்தில் இருக்கிறது, லேப்டாப் எத்தனை பிக்சல் அனுப்புகிறது என்பவைதான் அவை. பலரும் இவை மூன்றும் ஒன்றே என்று நினைக்கிறார்கள். ஸ்லைடின் அளவை மாற்றினால் ரெசல்யூஷனும் மாறிவிடும் என்று நம்பி, அரங்கில் ஏமாந்துபோகிறார்கள். ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு ஆள் கையில் இருக்கிறது. ஒரே ஒரு சுவரை எடுத்துக்கொண்டு மூன்றையும் படிப்படியாகப் பார்ப்போம்.

அடியில் கேட்காதீர்கள்

திரை வாடகைக்குக் கொடுப்பவரிடம் கேட்டால் “40க்கு 10” என்பார். வாடகை சதுர அடிக் கணக்கில் போடப்படுவதால் அவருக்கு அது வசதியான பேச்சு. ஸ்லைடு செய்பவருக்கு அந்தக் கணக்கு போதாது. எல்இடி சுவர் துணிபோல வேண்டிய அளவுக்கு வெட்டி ஒட்டப்படுவதில்லை. செங்கல் அடுக்குவதுபோல, பேனல்களை அடுக்கிக் கட்டுகிறார்கள். வாடகைத் திரைகளில் பரவலாகப் புழங்கும் பேனல் அரை மீட்டருக்கு அரை மீட்டர். அதே அகலத்தில் ஒரு மீட்டர் உயரமுள்ளதும் உண்டு. ஆகவே “40 அடி” என்பது உண்மையில் 24 பேனல், அதாவது 12 மீட்டர். கொஞ்சம் குறைய 39 அடி 5 அங்குலம். “10 அடி” என்பது 6 பேனல், 3 மீட்டர்.

இங்கே நல்லவேளையாக 40க்கு 10 என்பதும் 24க்கு 6 என்பதும் ஒரே விகிதம், நாலுக்கு ஒன்று. எப்போதும் இப்படி அமையாது. “40க்கு 12” என்று ஒருவர் சொன்னால், 12 அடி உயரத்துக்கு அரை மீட்டர் பேனல் கணக்கில் சரியாக வராது. 7 பேனல் அடுக்கினால் 3.5 மீட்டர், 8 அடுக்கினால் 4 மீட்டர். அடிக் கணக்கை நம்பி ஸ்லைடு செய்தவருக்கு 7 பேனல் சுவரில் மேலேயும் கீழேயும் சிறு வெட்டு விழும், அல்லது ஓரங்களில் கறுப்புக் கோடு வரும். அதனால் முதல் கேள்வி இதுதான்: அகலத்தில் எத்தனை பேனல், உயரத்தில் எத்தனை பேனல்?

அடுத்தது பிட்ச். ஒரு விளக்குப்புள்ளியின் நடுவிலிருந்து அடுத்த புள்ளியின் நடு வரைக்கும் உள்ள தூரத்துக்கு அந்தப் பெயர். 3.9 என்று வாயால் சொல்லப்படும் திரையில் அந்தத் தூரம் 3.906 மில்லிமீட்டர். அரை மீட்டர் பேனலில் அப்படி 128 புள்ளிகள் அடங்கும். 2.9 என்றால் 168 புள்ளிகள், 2.6 என்றால் 192 புள்ளிகள். ஆக, ஒரே 12 மீட்டர் சுவர், எந்த பிட்ச் வருகிறது என்பதைப் பொறுத்து வேறு வேறு ரெசல்யூஷன் உடையதாகிறது. நம் சுவர் 3.9 என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிது:

```
24 × 128 = 3072
 6 × 128 =  768
```

3072க்கு 768. சுவரின் உண்மையான அளவு இதுதான். கட்டி முடித்த பிறகு இதில் ஒரு பிக்சல்கூடக் கூட்ட முடியாது. இதை ஆபரேட்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும். விழாவுக்கு முதல் நாள் இரவு பேனல் குறைந்து, 24க்குப் பதில் 22 கட்டப்படுவதும் உண்டு. அப்போது சுவர் 2816 பிக்சல் ஆகிவிடும், விகிதமும் மாறிவிடும். “கடைசி நேரத்தில் மாறினால் சொல்லுங்கள்” என்ற வார்த்தையையும் அந்த வரியோடு சேர்த்து அனுப்புவது நல்லது.

32 அங்குலம், 8 அங்குலம்

இப்போது ஸ்லைடு. பவர்பாயின்ட்டில் புதிய கோப்பு திறந்ததும், எதையும் தட்டுவதற்கு முன்னால், Design பகுதிக்குப் போய் Slide Size, அதில் Custom Slide Size என்பதைத் திறக்க வேண்டும். Width, Height என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். அவை அங்குலத்திலோ சென்டிமீட்டரிலோ அளவைக் காட்டும். பிக்சலிலேயே தட்டவும் செய்யலாம்:

```
Width:  3072px
Height: 768px
```

தட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தால் அது தானாகவே 32 அங்குலம், 8 அங்குலம் என்று மாறிக்கொள்ளும். ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்பது பவர்பாயின்ட் வைத்திருக்கும் கணக்கு. 3072ஐ 96ஆல் வகுத்தால் 32; 768ஐ வகுத்தால் 8. கூகுள் ஸ்லைடுஸில் File, Page setup, Custom என்று போய் அலகைப் பிக்சலாக வைத்து இதே எண்களைக் கொடுக்கலாம்.

இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். ஸ்லைடுக்கு நாம் கொடுத்தது வடிவம் மட்டுமே. 32க்கு 8 வைத்தாலும் 20க்கு 5 வைத்தாலும் திரையில் வரும் கூர்மை ஒன்றுதான். எழுத்தையும் கோட்டையும் பவர்பாயின்ட் படமாகச் சேமித்து வைப்பதில்லை. காட்டும் நேரத்தில், லேப்டாப் எத்தனை பிக்சல் அனுப்புகிறதோ அத்தனைக்கு ஏற்பப் புதிதாக வரைகிறது. இது தெரிந்தால் இன்னொரு சிக்கலும் தீரும். பவர்பாயின்ட் 56 அங்குலத்துக்கு மேல் ஸ்லைடை ஏற்காது. பிக்சலில் சொன்னால் 5376. 7680 பிக்சல் அகலமுள்ள சுவர் வந்தால் 80 அங்குலம் கேட்கும், அது மறுத்துவிடும். பதற வேண்டாம். இரண்டு எண்களையும் பாதியாக்கிக் கொடுங்கள். வடிவம் அதேதான், கூர்மை குறையாது.

பிறகு ஏன் 3072 என்றே கொடுக்கச் சொல்கிறேன்? இரண்டு வசதிகள் உண்டு. முதலாவது, ஸ்லைடைப் பிஎன்ஜி படமாகச் சேமித்தால், விண்டோஸ் பவர்பாயின்ட்டில் எதையும் மாற்றாமலேயே 3072க்கு 768 படம் கிடைக்கும். ஏனெனில் அங்கேயும் அங்குலத்துக்கு 96 என்பதுதான் வழக்கக் கணக்கு. லேப்டாப் கைவிட்டால் அந்தப் படங்களை வைத்தே நிகழ்ச்சியை நடத்திவிடலாம். இரண்டாவது, ஸ்லைடில் ஓர் அங்குலம் சுவரில் எவ்வளவு என்று நிச்சயமாகத் தெரியும். 96 பிக்சலை 3.906ஆல் பெருக்கினால் 375 மில்லிமீட்டர். ஸ்லைடின் ஓர் அங்குலம், சுவரில் ஒன்றேகால் அடிக்குச் சற்றுக் குறைவு.

ஏற்கெனவே செய்துவைத்த பழைய கோப்பின் அளவை மாற்றும்போது Maximize, Ensure Fit என்று இரண்டு பட்டன்கள் கேட்கலாம். முதலாவது உள்ளடக்கத்தைப் பெரிதாக்கும், ஓரம் வெளியே போகலாம். இரண்டாவது எல்லாவற்றையும் ஸ்லைடுக்குள் அடக்கும். Ensure Fit பாதுகாப்பானது. ஆனால் அதன்பிறகு ஒவ்வொரு ஸ்லைடையும் கண்ணால் பார்த்தாக வேண்டும். பின்னணியாக வைத்த படம் புதிய வடிவத்துக்கு இழுபட்டிருக்கும். View, Slide Master என்று போய் அங்கே உள்ள முத்திரையையும் பின்னணியையும் புதிதாக வைக்க வேண்டியிருக்கும்.

பின்னணிப் படத்தைத் தேர்வு செய்வதிலும் கவனம் வேண்டும். செல்போனில் எடுத்த படம் 4000க்கு 3000 பிக்சல் என்று வையுங்கள். நாலுக்கு ஒன்று வடிவத்தில் வெட்டினால் மிஞ்சுவது 4000க்கு 1000. உயரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் தங்கும். நின்றுகொண்டிருக்கும் மனிதர்களின் குழுப்படம் இதற்கு உதவாது. தலையோ காலோ போய்விடும். கட்டடத்தின் முகப்பு, மலைத்தொடர், வயல் போன்ற படுக்கைவாட்டுக் காட்சிகள் பொருந்தும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் சுருங்கிப்போயிருக்கும். அதை 3072 பிக்சலுக்கு இழுத்தால் மங்கலாகத்தான் தெரியும். எடுத்தவரிடம் மூலப் படத்தையே கேட்டு வாங்குங்கள்.

மூன்று சுழி தெரிகிறதா?

இந்தச் சுவரில் எழுத்து எந்த அளவில் இருக்க வேண்டும்? ஆங்கில எழுத்துக்குச் சொல்லப்படும் அளவுகள் தமிழுக்குப் போதாது. காரணத்தை ஒரே எழுத்தில் காட்டலாம்: ண.

24 என்று எழுத்தளவு வைத்தால், நம் ஸ்லைடில் அது 32 பிக்சல். அந்த 32 பிக்சலும் எழுத்தின் உடலுக்குக் கிடைப்பதில்லை. மேலே போகும் கொம்புக்கும் கீழே இறங்கும் வளைவுக்கும் ஒதுக்கியதுபோக, எழுத்தின் உடல் ஏறத்தாழ பாதி உயரந்தான், 16 பிக்சல் சுமார். அதற்குள் மூன்று சுழி போட்டு, ஒவ்வொரு சுழிக்குள்ளும் வெற்றிடம் விட வேண்டும். ஒன்றிரண்டு பிக்சல்தான் அந்த வெற்றிடத்துக்கு மிஞ்சும். எல்இடி சுவரில் ஒரு பிக்சல் என்பது பட்டாணி அளவு. பக்கத்துப் புள்ளியின் ஒளி அதன்மேல் வழிகிறது. சுழிகள் அடைபட்டு மூன்று சுழி ண, இரண்டு சுழி ன ஆகிறது. “மணம்” என்று எழுதியது “மனம்” என்று படிக்கப்படுகிறது. பிக்சல் பற்றாக்குறை தமிழில் பொருளையே மாற்றிவிடும்.

எனவே அளவை எழுத்தின் உடலை வைத்துக் கணக்கிட வேண்டும். நான் கடைப்பிடிப்பது இது: கடைசி வரிசை எத்தனை தூரமோ, அதில் 200இல் ஒரு பங்காவது எழுத்தின் உடல் உயரம் இருக்க வேண்டும். கடைசி நாற்காலி 30 மீட்டர் தள்ளி என்றால் 15 சென்டிமீட்டர். நம் சுவரில் எழுத்தளவு 1 என்பது 5.2 மில்லிமீட்டர்; உடல் அதில் பாதி. 15 சென்டிமீட்டர் உடலுக்கு எழுத்தளவு 58 வருகிறது; 60 என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது இந்த அரங்கில் 60க்குக் குறைந்த தமிழ் எழுத்து எதுவும் ஸ்லைடில் இருக்கக் கூடாது. தலைப்புக்கு 96 அல்லது அதற்கு மேல். எழுத்துருவில் மெல்லிய வகையைத் தவிர்த்து, தடித்த கோடுள்ளதை எடுங்கள். இரண்டு வரிகளுக்கு நடுவே இடம் தாராளமாக விடுங்கள். மேல் வரியின் ‘கூ’வும் கீழ் வரியின் ‘கி’யும் முட்டிக்கொள்ளாமல் இருக்கும்.

அகலம் இருக்கிறதே என்று ஒரே வாக்கியத்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓட விடவும் கூடாது. முன்வரிசையில் இருப்பவர் 12 மீட்டர் வரியைப் படிக்கத் தலையைத் திருப்பியாக வேண்டும். அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடவும் வேண்டும். வழக்கமான ஸ்லைடின் உயரம் 7.5 அங்குலம், நம்முடையது 8. உயரம் ஏறக்குறைய அதேதான். கூடியது அகலம் மட்டும். ஆகையால் இதை நீண்ட தாளாக எண்ணாமல், பக்கத்தில் பக்கத்தில் வைத்த மூன்று தாள்களாக எண்ணுவது நல்லது.

அந்த மூன்றின் அளவும் கணக்கிலேயே இருக்கிறது. பேச்சாளரின் கேமரா காட்சி 16க்கு 9 விகிதத்தில் வரும். 768 உயரத்துக்கு அதன் அகலம் 1365 பிக்சல், ஸ்லைடில் 14.2 அங்குலம். அதை நடுவில் வைத்தால் இரு பக்கமும் 853 பிக்சல், அதாவது 8.9 அங்குலம் மிஞ்சும். இடது பக்கம் நிகழ்ச்சியின் பெயர், வலது பக்கம் பேச்சாளரின் பெயரும் தலைப்பும் என்று பிரித்துக்கொண்டால், கேமரா வந்தாலும் போனாலும் வடிவமைப்பு குலையாது.

உயரத்திலும் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டும். சுவரின் அடி மேடைத் தளத்திலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்குகிறது என்று வையுங்கள். முன்னால் நிற்பவரின் உயரம் 170 சென்டிமீட்டர் என்றால், திரையின் கீழ் 110 சென்டிமீட்டரை அவர் மறைப்பார். அது 282 பிக்சல், ஸ்லைடில் 3 அங்குலம். கீழே உட்கார்ந்து நிமிர்ந்து பார்ப்பவருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக மறையும். View பகுதியில் Guides என்பதைத் தேர்ந்தெடுத்து, படுக்கைக் கோட்டை நடுவிலிருந்து 1 அங்குலம் கீழே இழுத்து வைத்தால் அந்த எல்லை தெரியும். அதற்குக் கீழே கோலமோ வண்ணமோ இருக்கட்டும். படிக்க வேண்டிய எதுவும் அங்கே வேண்டாம். குத்துவிளக்கு ஏற்றும்போது பத்துப் பேர் வரிசையாக நிற்பார்கள். தலைப்பு அவர்கள் தலைக்கு மேலே தெரிந்தால்தான் புகைப்படத்திலும் விழும்.

லேப்டாப் என்ன அனுப்புகிறது?

சுவர் சரி, ஸ்லைடும் சரி. இருந்தும் அரங்கில் எழுத்து மங்கலாகத் தெரிந்தால், தவறு மூன்றாவது இடத்தில் இருக்கிறது. லேப்டாப்புக்கும் சுவருக்கும் நடுவே ப்ராசஸர் என்ற பெட்டி உண்டு. லேப்டாப்பின் எச்டிஎம்ஐ சிக்னலை வாங்கி, பல நெட்வொர்க் கேபிள்கள் வழியே பேனல்களுக்குப் பிரித்து அனுப்புவது அதன் வேலை. நோவாஸ்டார் போன்ற நிறுவனங்களின் பெட்டிகளில் ஒரு கேபிள் சுமக்கும் உச்சம் 6,50,000 பிக்சல். நம் சுவரில் 23,59,296 பிக்சல். ஆக நான்கு கேபிள்கள். ஒவ்வொன்றும் 6 நெடுவரிசைப் பேனல்களைக் கவனிக்கும். திரையில் கால் பகுதி மட்டும் திடீரென்று இருண்டால், அந்த நான்கில் ஒன்று போயிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். ஸ்லைடுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

லேப்டாப் சாதாரணமாக அனுப்புவது 1920க்கு 1080. அதில் நாலுக்கு ஒன்று ஸ்லைடை ஓட்டினால், பவர்பாயின்ட் அகலத்தை நிறைத்து, 1920க்கு 480 அளவில் நடுவில் காட்டும். மேலே 300 பிக்சல், கீழே 300 பிக்சல் கறுப்பு. ஆபரேட்டர் அந்த நடுப்பட்டையை மட்டும் வெட்டி எடுத்துச் சுவர் முழுக்க விரிக்கலாம். வடிவம் கெடாது. ஆனால் 1920 பிக்சலை 3072க்கு இழுக்கிறார், 1.6 மடங்கு. எழுத்தின் ஓரம் கரைகிறது. ‘ண’வுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்த பிக்சல்கள் இங்கே பறிபோகின்றன.

சரியான வழி, லேப்டாப்பையே 3072க்கு 768 அனுப்பவைப்பது. எந்தத் திரையை இணைத்தாலும் அது கணினியிடம் தன் அளவைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்கிறது. ப்ராசஸரின் மெனுவில் EDID என்று இருப்பது அந்த அறிமுகக் குறிப்புதான். ஆபரேட்டர் அதில் 3072, 768, 60 என்று எழுதிவிட்டால், லேப்டாப் அந்த அளவில் ஒரு மானிட்டர் வந்திருப்பதாக எண்ணி அப்படியே அனுப்பும். சாதாரண ஃபுல் எச்டி சிக்னலைவிட இது சற்றே பெரியது. வழக்கமான எச்டிஎம்ஐ கேபிளே தாங்கும்.

சரியாகப் போகிறதா என்பதை ஊகிக்கத் தேவையில்லை. விண்டோஸில் Settings, System, Display, Advanced display என்று போய் இரண்டாவது திரையைத் தேர்ந்தெடுத்தால், Desktop mode, Active signal mode என்று இரண்டு வரிகள் தெரியும். இரண்டிலும் 3072 × 768 என்று இருக்க வேண்டும். முதல் வரியில் அந்த எண்ணும் இரண்டாவதில் 1920 × 1080உம் இருந்தால், கிராபிக்ஸ் கார்டு உள்ளுக்குள் சுருக்கி அனுப்புகிறது என்று பொருள்.

3072 என்ற அளவே பட்டியலில் வரவில்லை என்றால், கேபிள் செல்லும் வழியைப் பாருங்கள். நடுவில் ஒரு ஸ்ப்ளிட்டரோ ஸ்விட்ச்சரோ இருந்தால் லேப்டாப்புக்கு அறிமுகம் சொல்வது அந்தப் பெட்டிதான். ப்ராசஸர் சொன்னது லேப்டாப்பை எட்டவே இல்லை. நேராக இணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். என்விடியா கார்டு உள்ள லேப்டாப்பில் NVIDIA Control Panel திறந்து, Change resolution, Customize, Create Custom Resolution என்று போய் நாமே எண்ணைக் கொடுக்கவும் முடியும்.

எதற்கும் மசியாத லேப்டாப்புகளும் உண்டு. அப்போது கைகொடுப்பது 4கே. லேப்டாப் 3840க்கு 2160 அனுப்பினால், நம் ஸ்லைடு அதில் 3840க்கு 960 பட்டையாக வரும். ஆபரேட்டர் அதை வெட்டி 3072க்குச் சுருக்குவார். இழுப்பதில் போகும் தெளிவு சுருக்குவதில் அவ்வளவாகப் போகாது. ப்ராசஸரின் நுழைவு 4கே ஏற்குமா என்று மட்டும் முன்னதாகக் கேட்டுவைக்க வேண்டும்.

வெளியூர் பேச்சாளர் தன் லேப்டாப்போடு, 16க்கு 9 ஸ்லைடோடு நேராக மேடைக்கு வருவதையும் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கேமராவுக்கு ஒதுக்கிய அதே 1365க்கு 768 இடத்தில் அவர் ஸ்லைடை வைத்து, இரு பக்கமும் விழாவின் பின்னணி தெரியும்படி ஓர் அமைப்பை ப்ராசஸரில் முன்னதாகவே சேமித்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு பட்டனில் அது வந்துவிடும்.

ஒரு வட்டம், ஓர் அளவு நாடா

எல்லாம் பொருந்தியிருக்கிறதா என்று அறிய, ஒவ்வொரு கோப்பிலும் முதல் ஸ்லைடைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். கறுப்புப் பின்னணி. Shape Format பகுதியில் Height, Width இரண்டையும் 6 அங்குலமாக வைத்து நடுவில் ஒரு வட்டம். ஸ்லைடின் நான்கு விளிம்பையும் ஒட்டி உள்பக்கமாக மெல்லிய வெள்ளைக் கோடு. நான்கு மூலையிலும் 1, 2, 3, 4 என்ற எண்கள். வட்டத்துக்குள் 60 அளவில் ‘மணம் மனம்’ என்ற இரண்டு சொற்கள். பத்து நிமிட வேலை.

சுவர் எரிந்ததும் முதலில் இதைப் போடுங்கள். நான்கு எண்களும் தெரிய வேண்டும். ஏதாவது ஒன்று காணவில்லை என்றால் வெட்டு விழுகிறது. விளிம்புக் கோடு நான்கு பக்கமும் சுவரின் ஓரத்தில் ஒட்டியிருக்க வேண்டும். ஒரு பக்கம் கறுப்பு இடைவெளி இருந்தால் ஒடுங்கியிருக்கிறது, ஒரு கோடு மறைந்திருந்தால் ஒன்றிரண்டு பிக்சல் நகர்ந்திருக்கிறது. பிறகு வட்டத்தை அளவு நாடாவால் அளக்க வேண்டும். 6 அங்குலம் 576 பிக்சல். சுவரில் சரியாக 2.25 மீட்டர். குறுக்கேயும் நெடுக்கேயும் அதே அளவு வந்தால் வடிவம் சரி. குறுக்கே 2.25, நெடுக்கே 2.10 என்று வந்தால், கண்ணுக்கு வட்டமாகத் தெரிந்தாலும் எங்கோ ஓர் எண் தவறாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு முகத்தில் அந்தப் பிசகு சற்று உப்பிய கன்னமாகத் தெரியும். ஏன் என்று யாருக்கும் சொல்லத் தெரியாது.

சுவரில் ஏறி அளக்க முடியாத இடத்தில் பேனலை எண்ணலாம். வட்டத்தின் இட எல்லையிலிருந்து வல எல்லை வரை நாலரைப் பேனல், மேலிருந்து கீழாகவும் நாலரைப் பேனல். கிட்டே போனால் பேனல்களின் இணைப்புக் கோடு தெரியும்.

கடைசியாக அரங்கின் பின்கோடிக்கு நடந்து போய், கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, அந்த இரண்டு சொற்களைப் பாருங்கள். ஒன்றில் மூன்று சுழி, மற்றதில் இரண்டு சுழி, பிரித்து அறிய முடிந்தால் சுவரும் ஸ்லைடும் சிக்னலும் ஒத்துப்போய்விட்டன. சோதனை ஸ்லைடை Hide Slide கொடுத்து மறைத்துவிட்டு, விழாவை ஆரம்பிக்கச் சொல்லலாம்.